இரவுப் பணியை எழுதலாம், நோயாளியை எழுதக் கூடாது



நம் அறக்கட்டளையின் கல்வி உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில் நர்சிங் படிப்புக்கானவை இப்போது கூடி வருகின்றன. பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். பெற்றோர் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் கட்டணம் அல்ல. "நைட் டியூட்டின்னா அங்க என்னதாங்க நடக்குது?" என்பதுதான் செஞ்சியிலும் சிங்கவரத்திலும் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி.

இதற்கு நாங்கள் பதில் சொல்வதைவிட, அந்த வேலையைச் செய்பவரே சொன்னால் நல்லது என்று நினைத்தோம். சில வருடங்களுக்கு முன் நம் உதவியில் படித்து, இப்போது செவிலியராக இருக்கும் நம் மஹல்லாவின் மகள் ஒருவரிடம், ஓர் இரவுப் பணி எப்படிப் போகும் என்று உள்ளது உள்ளபடி எழுதித் தரச் சொன்னோம். அவரும் நான்கு பக்கம் எழுதித் தந்தார். அருமையான எழுத்து. ஆனால் அதை நாங்கள் அச்சிடவில்லை. ஏன் என்பதையும், அவரே உட்கார்ந்து திருத்தி எழுதியது எப்படி என்பதையும் விளக்குவதே இந்தக் கட்டுரை. மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் பலர். அவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதும் முன் இதைப் படித்துவிட்டால் நல்லது.

நிறுத்தி வைத்த பக்கம்

அவர் எழுதியதில் எந்த நோயாளியின் பெயரும் இல்லை. ஊர் இல்லை, தெரு இல்லை. "பேர் ஒண்ணும் போடல அண்ணே, பயப்படாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். எங்களுக்கும் அது போதும் என்றே தோன்றியது.

அச்சுக்கு அனுப்பும் முன் வழக்கம்போல் அறக்கட்டளையின் நான்கு பேர் படித்தோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி வந்ததும் எங்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது நம்ம இன்னார் வீட்டு விஷயமாச்சே" என்றார். அந்த வீட்டார் அந்தச் செய்தியை வெளியில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. உறவினர் என்பதால் இவருக்குப் பாதி தெரிந்திருந்தது. மீதிப் பாதியை எங்கள் காகிதம் சொல்லிவிட்டது.

அன்றே அந்தப் பக்கத்தைக் கிழித்தோம். நால்வரும் அதைப் பற்றி வீட்டிலும் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். அந்தச் சகோதரியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். அவர் தவறான எண்ணத்தில் எழுதவில்லை. நாங்களும் தவறான எண்ணத்தில் கேட்கவில்லை. பெயர் இல்லையென்றால் ஆள் தெரியாது என்று எல்லோரும் நினைத்ததுதான் பிழை.

அந்தப் பத்தியில் என்ன இருந்தது என்பதை இங்கேயும் எழுத மாட்டோம். அதற்குப் பதிலாக, விளக்குவதற்காக நாங்களே கட்டிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இது யாருக்கும் நடந்தது அல்ல:

"போன வருடம் ஒரு நாள் இரவு, மூன்றாவது பிரசவத்துக்கு வந்த நம்ம ஊர்ப் பெண் ஒருவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது."

பெயர் இல்லை. தேதி இல்லை. மருத்துவமனை இல்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

செஞ்சிப் பேரூராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 27 ஆயிரம். தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஒரு வருடத்தில் ஏறத்தாழ 14 குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்தால், நம் ஊருக்கு ஒரு வருடத்துக்குச் சுமார் 380 பிரசவம். இரட்டைப் பிரசவம் ஏறக்குறைய நூறில் ஒன்று. ஆக, 380-ல் நான்கு குடும்பம் மிஞ்சும். "மூன்றாவது பிரசவம்" என்ற சொல் அந்த நான்கிலும் பெரும்பாலும் ஒன்றைத்தான் விட்டுவைக்கும். 27 ஆயிரம் பேரிலிருந்து ஒரு வீட்டு வாசலுக்கு வந்து நிற்க மூன்று சொற்கள் போதுமாக இருந்தன. சிங்கவரம் போன்ற சிற்றூர் என்றால் "இரட்டைக் குழந்தை" என்ற ஒரே சொல் போதும்.

பெயரை நீக்கினால் ஆளை நீக்கியதாகாது என்பது படித்தவர்களே ஏமாந்த விஷயம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990-களில் அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். யாரையும் அடையாளம் காண முடியாது என்று ஆளுநர் வில்லியம் வெல்டு உறுதி சொன்னார். அப்போது மாணவியாக இருந்த லத்தான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதி கொண்டவர்கள் அந்த நகரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவர். அவ்வளவுதான், ஆளுநரின் மருத்துவப் பதிவு எதுவென்று தெரிந்துவிட்டது.

ஸ்வீனிக்கு வாக்காளர் பட்டியல் தேவைப்பட்டது. நம் ஊரில் அதுவும் வேண்டாம். கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டு பேர் பேசிக்கொண்டால் போதும்.

எழுதியவர் யார் என்பதே ஒரு தடயம் ஆவதும் உண்டு. 2018 ஆகஸ்டில் ஹூஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் செவிலியர், அங்கே வந்த தட்டம்மை நோய்க் குழந்தை ஒன்றைப் பற்றி முகநூல் குழு ஒன்றில் எழுதினார். குழந்தையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது அவருடைய பக்கத்திலேயே இருந்தது. தட்டம்மை அங்கே அரிதான நோய். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மருத்துவமனை, எந்தக் குழந்தை என்று தேடுவோருக்கு வழி கிடைத்துவிடும். மருத்துவமனை அவரை வேலையிலிருந்து நீக்கியது.

நம் மகள் பெயரில்லாமல் எழுதினாலும், அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது நம் இதழைப் படிக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். எனவே "மருத்துவமனை பெயர் போடவில்லை" என்பது நமக்குப் பாதுகாப்பே அல்ல.

விவரத்தை மாற்றி எழுதினால்?

"அப்போ பெண்ணை ஆணாக்கிடலாம், பிரசவத்தை ஆபரேஷனாக்கிடலாம்" என்று எங்களில் ஒருவர் யோசனை சொன்னார். கதை எழுதுபவர்கள் செய்வது அது. அதை இரண்டு காரணத்துக்காக விட்டோம்.

முதலாவது, உள்ளது உள்ளபடி என்று சொல்லிவிட்டு இல்லாததை எழுதுவது பொய். பெற்றோர் அதை நம்பித்தான் மகளை அனுப்பப் போகிறார்கள்.

இரண்டாவது இன்னும் பெரியது. சிறிய ஊரில், மாற்றி எழுதிய விவரம் காற்றில் நிற்காது. அது வேறு ஒரு வீட்டில் போய் இறங்கும். இரட்டைக் குழந்தை என்பதை மாற்றி, "சின்ன வயதில் பக்கவாதம் வந்த ஒருவர்" என்று எழுதினால், அப்படி ஒருவர் நம் ஊரில் உண்மையிலேயே இருப்பார். மருத்துவமனைக்கே போகாதவரைப் பற்றி ஊர் பேசத் தொடங்கும். ஒரு குடும்பத்தை மறைக்கப் போய் இன்னொரு குடும்பத்தை மாட்டிவிட்டதாக ஆகும்.

ஆகவே மாற்றுவது வழி அல்ல, விடுவதுதான் வழி என்று முடிவாயிற்று. விட்ட பிறகு எழுத என்ன மிஞ்சும் என்பது அடுத்த கவலை. நிறைய மிஞ்சியது. ஏனென்றால் அவர் எழுத வேண்டியது நோயாளியைப் பற்றி அல்ல, தன் வேலையைப் பற்றி. "அவருக்கு இப்படி ஆயிற்று" என்ற வாக்கியங்களை எல்லாம் எடுத்துவிட்டு, "நான் இதைச் செய்வேன், இதற்காகச் செய்வேன்" என்ற வாக்கியங்களாக அவர் எழுதினார். ஒரே இரவில் நடந்தது என்று எழுதாமல், எந்த இரவிலும் நடப்பதை மட்டும் எழுதினார். முதல் வரியிலேயே, "இது ஒரு இரவின் கதை அல்ல, என் எல்லா இரவுகளிலும் பொதுவாக இருப்பது" என்று சொல்லிவிட்டார். அது மறைப்பும் அல்ல, பொய்யும் அல்ல.

ஓர் இரவு

திருத்தி எழுதியதிலிருந்து முக்கியமானவற்றை இங்கே சுருக்கித் தருகிறோம்.

பணி இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை. அவர் ஏழரைக்கே போய்விடுவார். முந்தைய ஷிப்ட் செவிலியரோடு கட்டில் கட்டிலாக நடந்து பொறுப்பேற்க வேண்டும். யாருக்கு என்ன மருந்து ஓடுகிறது, எப்போது தொடங்கியது, என்ன பரிசோதனை முடிவு வர வேண்டும், யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே நின்று கேட்டுக்கொள்வது. "மேசையில் உட்கார்ந்து கேட்டால் காது மட்டும்தான் கேட்கும். கட்டில் பக்கத்தில் நின்றால் கண்ணும் கேட்கும்" என்று எழுதியிருக்கிறார்.

அதன்பின் அவசர ட்ராலி. அதில் எந்த மருந்து எத்தனை இருக்க வேண்டும் என்று பட்டியல் உண்டு. எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, சக்ஷன் மெஷின் இழுக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். மயக்க மருந்து வகைகள் இருக்கும் பூட்டிய அலமாரியின் சாவி கைமாறும்போது உள்ளே இருப்பதையும் எண்ண வேண்டும். தடுப்பூசி, இன்சுலின் இருக்கும் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். இவை எல்லாம் முடிய ஒன்பது ஆகிவிடும். அதற்குள் ஒன்பது மணி மாத்திரைகள் காத்திருக்கும்.

குளுக்கோஸ் பாட்டில் ஓடும் வேகத்தைக் கணக்குப் போட்டு வைப்பதை அவர் அழகாக விளக்கியிருக்கிறார். 500 மில்லி பாட்டில் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தால், எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். அவர் வார்டில் பயன்படுத்தும் குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. ஆக மொத்தம் 10 ஆயிரம் சொட்டு. 480 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 21 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டை எண்ணி, சக்கரத்தைத் திருகி வைக்க வேண்டும். "நான் வைத்துவிட்டுப் போனதும் கை அசைந்தால் வேகம் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் எண்ணுவேன். ப்ளஸ் டூ கணக்கு எதற்கு என்று கேட்ட தம்பிக்கு இதைச் சொல்லுங்கள்" என்கிறார்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை நாடி, இரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு எல்லாருக்கும் பார்க்க வேண்டும். மூச்சை எண்ணும்போது எண்ணுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மாறிவிடும். எனவே நாடி பிடிப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்க்க வேண்டும். தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். இதற்கு இன்னொரு கை வேண்டும். உதவியாளர் வேறு வேலையில் இருந்தால் காத்திருக்க வேண்டும். இடுப்பு வலி வந்தது இப்படித்தான் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரைதான் கடினமான நேரம். உடல் தூக்கத்துக்கு இழுக்கும். தவறு நடக்க வாய்ப்புள்ள நேரமும் அதுவே. இங்கே அவர் தன்னைப் பற்றிய ஒரு உண்மையைச் சொல்கிறார். ஒரு விடியற்காலையில் மருந்தைக் கரைக்க நீர் ஆம்பியூல் எடுக்கப் போய், கையில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை எடுத்துவிட்டார். இரண்டும் நிறமில்லாத திரவம், ஏறத்தாழ ஒரே தோற்றம். பொட்டாசியத்தை நிறைய நீரில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அப்படியே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். எடுக்கும்போது ஒரு முறை, சிரிஞ்சில் ஏற்றும்போது ஒரு முறை, காலி ஆம்பியூலை வைக்கும்போது ஒரு முறை என மூன்று தடவை பெயரைப் படிக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் முறை படிக்கும்போது கண்டுபிடித்தார். மருந்து யாருக்கும் போகவில்லை. காலையில் மேற்பார்வையாளரிடம் தானே போய்ச் சொன்னார். அன்றிலிருந்து அந்த ஆம்பியூல்கள் தனிப் பெட்டிக்குப் போயின.

இந்தப் பத்தியை விடலாமா என்று நாங்கள் கேட்டோம். வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயம் எங்களுக்கு. அவர் தன் மேற்பார்வையாளரிடம் கேட்டு, சம்மதம் பெற்ற பிறகே வைத்துக்கொண்டார். பாருங்கள், இதில் யாருக்குப் போட இருந்த மருந்து, அவருக்கு என்ன நோய், அது எந்த மாதம் என்று ஒன்றுமே இல்லை. ஆனாலும் இரவு வேலையின் பாரம் முழுவதும் இதில் தெரிகிறது.

சுபுஹு நேரத்தில், வார்டு அமைதியாக இருந்தால், இன்னொரு செவிலியரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மருந்து அறை மூலையில் தொழுவார். அமைதியாக இல்லாவிட்டால், இருப்பவரை விட்டுவிட்டுப் போக முடியாது. சூரியன் உதிக்கும் முன் கிடைக்கும் சில நிமிடங்களைத் தேட வேண்டியிருக்கும் என்று அதையும் எழுதியிருக்கிறார்.

ஆறு மணிக்கு வெறும் வயிற்று இரத்தம் எடுப்பது. குழாயில் பெயர் ஒட்டுவதைக் கட்டில் பக்கத்திலேயே செய்ய வேண்டும். மேசைக்கு எடுத்துப்போய் ஒட்டினால் ஒருவருடைய இரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடும். "உங்க பேர் இதுதானே?" என்று கேட்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "உங்க பேர் சொல்லுங்க" என்றுதான் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரத்தில் உள்ளே போன நீர், வெளியே வந்த நீர் கணக்கை முடிப்பது, இரவு அறிக்கை எழுதுவது, எட்டு மணிக்கு அடுத்தவரிடம் கட்டில் கட்டிலாக ஒப்படைப்பது. எல்லாம் முடிந்து பஸ் ஏறினால், ராஜகிரிக் கோட்டை கண்ணில் படுவதற்குள் தூங்கிவிடுவாராம். கண்டக்டர்தான் எழுப்பிவிடுவாராம்.

தன் கதையிலும் பிறர் இருக்கிறார்

இரண்டாம் முறை எழுதியதிலும் ஒரு பத்தியை நீக்க வேண்டி வந்தது. அதை நீக்கியவர் நாங்கள் அல்ல, அவரேதான். இது எங்களுக்குத் தோன்றியிருக்காது.

ஊசி தவறிக் கையில் குத்திவிடுவது இந்த வேலையில் உள்ள ஆபத்து. அதைப் பற்றி எழுத நினைத்தார். குத்துப்பட்டவர் தானே, தன் உடம்பைப் பற்றி எழுதத் தனக்கு உரிமை உண்டுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் இதைக் கவனியுங்கள். ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை உடனே தொடங்குவார்கள். அந்த ஊசி யாருக்குப் போட்டதோ அவருக்குக் கிருமி இல்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடுவது வழக்கம். இருக்கிறது என்றால் 28 நாள் தொடர வேண்டும். இப்போது ஒருவர், "எனக்கு ஊசி குத்தியது, 28 நாள் மாத்திரை சாப்பிட்டேன்" என்று எழுதினால், தன்னைப் பற்றி எழுதியதாக நினைத்து, இன்னொருவரின் பரிசோதனை முடிவை எழுதிவிட்டதாகப் பொருள்படும். "இரண்டாம் நாளே நிறுத்திவிட்டார்கள்" என்று எழுதுவதும் அவருடைய முடிவைச் சொல்வதுதான்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, நம்பிக்கையின் பேரில் தெரிய வந்த ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதைத் தடுக்கிறது. அதே ஆண்டின் மனநலச் சட்டமும் மனநலச் சிகிச்சை பெறுவோரின் தகவல், புகைப்படம் ஆகியவற்றுக்கு இதே போன்ற காப்பைத் தருகிறது.

அதனால் அவர் தனக்கு நடந்ததா இல்லையா என்பதையே சொல்லாமல், எவருக்கும் பொருந்தும் முறையை எழுதினார். குத்துப்பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் விட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. உடனே பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். மாத்திரை தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை. வெட்கப்பட்டு மறைப்பதுதான் ஆபத்து. மகளை இந்தப் படிப்புக்கு அனுப்பும் தாய்க்குத் தேவையான அத்தனையும் இதில் வந்துவிட்டது.

படம் கேட்டபோது

கட்டுரையோடு போட ஒரு படம் கேட்டோம். வார்டில் நின்று எடுத்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் சுவரில் வெள்ளைப் பலகை, அதில் கட்டில் எண்களும் பெயர்களும். ஓரத்தில் ஒரு கட்டிலின் கால்மாட்டில் கேஸ் ஷீட். படம் எடுத்தவருக்கு இவை கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் அவருக்கு அவை தினமும் பார்க்கும் பொருள்கள். முகத்தை மட்டும் மறைத்துப் படம் போடுபவர்களும் உண்டு. முகம் மறைந்தாலும் போர்வை, வளையல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணையாள் என எத்தனையோ அடையாளம். கடைசியில் வீட்டில் மேசைமேல் வைத்து எடுத்த அவருடைய கைக்கடிகாரத்தின் படத்தைப் போட்டோம். சொட்டு எண்ணும் கடிகாரம் அது.

நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்

இனி நம் இதழுக்கு இப்படி எழுத்து வந்தால் அதை ஒரு கேள்வியால் பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். முன்பின் தெரியாத ஒருவர் இதைப் படித்து ஆளைக் கண்டுபிடிப்பாரா என்று கேட்பதில்லை. அந்த நோயாளியின் நாத்தனார் படித்தால் என்ன ஆகும் என்று கேட்கிறோம். அவருக்குப் பாதி ஏற்கனவே தெரியும். மீதிப் பாதியை நம் எழுத்து கொடுத்துவிடுமா? கொடுக்கும் என்றால் அந்த வாக்கியம் போக வேண்டும், எவ்வளவு நல்ல வாக்கியமாக இருந்தாலும்.

வேறு நாட்டு விதிகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. நோயாளியின் அடையாளத்தை நீக்கி எழுதுவதற்கு அமெரிக்காவில் ஒரு விதிமுறை உண்டு. அதன்படி சேர்க்கப்பட்ட நாள், பிறந்த நாள், இறந்த நாள் எதையும் சொல்லக் கூடாது, வருடம் மட்டும் சொல்லலாம். அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களைக்கூட, அந்தப் பகுதியில் 20 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தால்தான் சொல்லலாம். சிங்கவரம் அந்த அளவுக்குப் பக்கத்திலும் வராது. நம் ஊர்ப் பெயரும் ஒரு நோயும் ஒரே வாக்கியத்தில் வந்தாலே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நோயாளியே "எழுதிக்கோம்மா" என்று சொன்னால்? இதையும் அவரிடமே கேட்டோம். "கட்டில்ல படுத்திருக்கிறவங்க சிஸ்டர் கேட்டா வேணாம்னு சொல்ல மாட்டாங்க அண்ணே. அடுத்த ஊசி நான்தானே போடணும்" என்றார். அந்தச் சம்மதம் சம்மதமே அல்ல என்பது அவர் கருத்து. எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. அரசு மருத்துவமனையில் இருப்பவர்கள் வெளியீடுகளுக்கு எழுதும் முன் நடத்தை விதிகளையும், தனியார் மருத்துவமனையில் இருப்பவர்கள் வேலை ஒப்பந்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் நினைவூட்டினார்.

எழுத முடியாமலே போனவையும் உண்டு. அவர் முதலில் எழுதிய அந்த மூன்றாம் பக்கம்தான் நான்கிலும் மனதைத் தொட்டது. அதைச் சொல்ல வேறு வழியே இல்லை. அது அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானது. நோயாளி தன் உடம்பை அவர் கையில் ஒப்படைத்தபோது அந்தச் செய்தியும் அமானிதமாகத்தான் வந்தது. அவர் அதை எங்களிடம் தந்ததும் பிழை, நாங்கள் படித்ததும் பிழை. இரண்டுக்கும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

அந்தச் சகோதரியின் முழு எழுத்தும் இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் வரும். படித்துவிட்டு "இது யாரைப் பற்றி?" என்று தேட வேண்டாம். அதில் இருப்பவர் ஒருவர்தான். அவர் இரவு முழுவதும் நின்றுகொண்டிருப்பவர். அதைப் படித்த பிறகும் உங்கள் மகளுக்கோ பேத்திக்கோ ஆர்வம் குறையாமல் இருந்தால், விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. அஸருக்குப் பிறகு வாருங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்